ஒரே மாதிரி முக வீக்கம்: அவளுக்கு ஸ்டீராய்டு, இவனுக்கு ஏன் இல்லை?

டாக்டர், வணக்கம். என் மகனுக்கு 7 வயது. போன வாரம் காலையில் எழுந்தபோது கண்ணிமை இரண்டும் வீங்கியிருந்தன. மறுநாள் சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில், ரொம்பக் குறைவாகப் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிபி 136/94. யூரினில் புரோட்டீன் 2+, ரத்த அணு நிறைய. உப்பையும் தண்ணீரையும் குறைக்கச் சொல்லி, நீர் பிரியும் மாத்திரையும் பிபி மாத்திரையும் மட்டும் தருகிறார்கள். என் நாத்தனார் மகளுக்கு 4 வயதில் இதே மாதிரி முகம் வீங்கி, யூரினில் புரோட்டீன் 4+ வந்தது. கொலஸ்ட்ராலும் ஏறியிருந்ததைப் பார்த்து நாத்தனார் எண்ணெயையே நிறுத்திவிட்டார். அவளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பத்தே நாளில் சரியானது. ‘ரெண்டும் ஒரே கிட்னி வியாதிதானே, அந்த மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறதே, கொடுத்தால் என்ன’ என்கிறார் மாமியார். இளநீர் கொடுத்தால் நீர் நன்றாகப் பிரியும் என்றும் சொல்கிறார். ஒரு மாதத்துக்கு முன் இவனுக்குக் காலில் சிரங்கு இருந்து ஆறியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இது குடும்ப நோயா? இவன் எப்போது பள்ளிக்குப் போகலாம்? இரண்டு பேருடைய ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன்.

அம்மா,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்டீராய்டு மாத்திரையை உங்கள் மகனுக்குக் கொடுக்காதீர்கள். இளநீரும் இப்போது வேண்டாம். காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் 1827இல் உடல் வீங்கிய நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போலத் திரிகிறது என்று அவர் காட்டினார். அதன் பிறகு வெகுகாலம் வீக்கம், சிறுநீரில் புரோட்டீன் என்று வந்தவர்கள் எல்லோருக்கும் ‘பிரைட் நோய்’ என்ற ஒரே பெயர்தான். டாக்டர்களே ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்த விஷயம் இது. அந்த மூட்டைக்குள் இருந்த இரண்டுதான் உங்கள் வீட்டில் இப்போது அடுத்தடுத்து வந்திருக்கின்றன. சிறுமிக்கு வந்தது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். மகனுக்கு வந்திருப்பது நெஃப்ரிட்டிக் சிண்ட்ரோம். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மருத்துவ மாணவர்களே தேர்வில் மாற்றி எழுதிவிடுவார்கள்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. டீ வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுமியின் வடிகட்டியில் கம்பி அறுந்துபோகவில்லை, புண்ணாகவும் இல்லை. கண்ணிகள் மட்டும் தளர்ந்துவிட்டன. தண்ணீர் வழக்கம்போல் இறங்குகிறது. கூடவே, ரத்தத்தில் தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதமும் ஒழுகிப் போகிறது. உங்கள் மகனின் வடிகட்டி புண்ணாகி வீங்கியிருக்கிறது. கண்ணிகள் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் இறங்குவது குறைந்துவிட்டது. அங்கங்கே கிழிந்திருப்பதால் ரத்த அணுக்கள் வெளியே வருகின்றன. ஒன்று ஒழுகும் நோய், மற்றது அடைக்கும் நோய். வீக்கம், புரோட்டீன், பிபி மூன்றும் இரண்டு குழந்தைகளிடமும் வேறு வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சிறுமியின் பழைய ரிப்போர்ட்டைப் பாருங்கள். ரத்தத்தில் ஆல்புமின் 1.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். ஆல்புமின்தான் நீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைத்திருக்கும். அது இவ்வளவு குறைந்தால் நீர் குழாயை விட்டு நழுவி, தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் தேங்கும். சிறுநீரகமும் தன் பங்குக்கு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவள் எடை மூன்று வாரத்தில் 14 கிலோவிலிருந்து 17.5 கிலோ ஆனதாக டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. இப்படித்தான் வரும். காலையில் கண்ணிமை வீங்கும், மாலையில் அது வடிந்து கால் வீங்கும். பூச்சி கடித்தது, அலர்ஜி என்று முதல் வாரம் போய்விடும். பிறகு பாவாடை நாடா இடுப்பில் பள்ளமாகப் பதியும், வயிறு முன்னால் வரும். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டை விரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும்.

மகனின் எடை 20 கிலோவிலிருந்து நான்கே நாளில் 22.5 ஆனது. அவனுடைய ஆல்புமின் 3.4, கிட்டத்தட்ட சரிதான். அப்படியானால் நீர் ஏன் தேங்குகிறது? வெளியே போக வழி இல்லாததால். வடிகட்டி அடைத்துக்கொண்டதும் குடித்த தண்ணீரும் சாப்பிட்ட உப்பும் உள்ளேயே நின்றுவிடுகின்றன. சிறுமிக்கு நீர் குழாய்க்கு வெளியே கசிகிறது, இவனுக்குக் குழாயே நிரம்பி வழிகிறது. இந்த வீக்கத்தில் முகம் கொஞ்சம் உப்பியிருக்கும், கால் சற்றுக் கெட்டியாக இருக்கும், அழுத்தினால் அவ்வளவாகக் குழி விழாது. பார்ப்பவர்களுக்கு ‘பையன் சதை போட்டிருக்கிறான்’ என்று தோன்றும், அவ்வளவுதான். சிறுமியைவிடக் குறைவாக வீங்கியிருக்கும் இவனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

அந்தக் கவலைக்குக் காரணம் பிபி. நிரம்பிய குழாயில் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? 136/94 என்றால் ‘எனக்கே அவ்வளவுதானே இருக்கிறது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு மேல் எண் 95, 100 பக்கம் இருப்பதுதான் வழக்கம். 115ஐத் தாண்டினாலே நாங்கள் உயர் ரத்த அழுத்தம் என்று எழுதிவிடுவோம். 136 என்பது அந்த வயதுக்குக் கடுமையான அழுத்தம். சிறுமிக்கு முதல் நாளில் பிபி 92/60 இருந்திருக்கிறது, அவள் வயதுக்குச் சரியானது. உடம்பெல்லாம் வீங்கியிருந்தும் குழாய்க்குள் நீர் கூடவில்லை.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஓர் எட்டு வயதுப் பையனை வலிப்பு என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலிப்பு மருந்து போட்டோம், தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம், மூளைக் காய்ச்சலோ என்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கவும் தயாரானோம். பிபி மட்டும் பார்க்கவில்லை. பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை, குழந்தைகள் அளவில் அந்த வார்டில் இல்லை, யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் அடுத்த வார்டிலிருந்து ஒன்றை வாங்கிவந்து கட்டினார். 160/110. அதன் பிறகுதான் அம்மாவிடம் சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டோம். ‘நாலு நாளா கோலா மாதிரி போகுது சார், சூடுன்னு நெனச்சேன்’ என்றார். அழுத்தத்தைக் குறைத்ததும் வலிப்பு நின்றது. மூளையில் வேறு கோளாறு எதுவும் இல்லை. பட்டை விஷயத்தை நீங்களும் கவனியுங்கள். பெரியவர்களின் பட்டையைச் சின்னக் கையில் சுற்றினால் பிபி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், ரொம்பச் சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். ‘குழந்தை சைஸ் பட்டைதானே’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து புரோட்டீன். 2+, 4+ என்பது பட்டைக் காகிதத்தின் நிறத்தை வைத்துச் சொல்வது. சிறுநீர் கெட்டியாக இருந்தால் கூட்டிக் காட்டும், நீர்த்திருந்தால் குறைத்துக் காட்டும். கண்ணுக்கே தெரியும் அளவு ரத்தம் கலந்திருந்தால் அந்த ரத்தத்தின் புரதமும் சேர்ந்துகொள்ளும். அதனால் சிறுநீரில் இருக்கும் புரோட்டீனை, அதே சிறுநீரில் இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவால் வகுத்துப் பார்ப்போம். உங்கள் மகனுக்குப் புரோட்டீன் 96, கிரியாட்டினின் 80. வகுத்தால் 1.2. சிறுமிக்குப் புரோட்டீன் 640, கிரியாட்டினின் 80. வகுத்தால் 8. நல்ல சிறுநீரகத்தில் இது 0.2க்குள் இருக்கும். 2ஐத் தாண்டினால் நெஃப்ராட்டிக் அளவு என்போம். மகனுக்கு ஒழுகுவது உண்மைதான், ஆனால் ரத்தத்தின் ஆல்புமினைக் காலி செய்யும் அளவுக்கு இல்லை. சிறுமியின் கொலஸ்ட்ரால் 410 என்று பார்த்து உங்கள் நாத்தனார் எண்ணெயை நிறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். அது எண்ணெயால் ஏறியது அல்ல. ஒழுகும் ஆல்புமினை ஈடுகட்டக் கல்லீரல் பதறி வேலை செய்யும்போது கொழுப்புப் புரதங்களும் கூடவே பெருகும். நோய் அடங்கினால் அதுவும் இறங்கிவிடும்.

சிறுநீரின் தோற்றத்திலேயே பாதி தெரிந்துவிடும். சிறுமிக்கு நிறம் மாறியிருக்காது. பதநீர் போல நுரைத்து, அந்த நுரை வெகுநேரம் அடங்காமல் நிற்கும். மகனுக்கு டீ நிறம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரத்த அணுக்கள் நெளிந்தும் உடைந்தும் கிடக்கும், சில ஒன்றாக ஒட்டிக் குழாய் வடிவ அச்சாக வரும். அந்த அச்சு தெரிந்தால் ரத்தம் கல்லிலிருந்தோ மூத்திரப்பையிலிருந்தோ வரவில்லை, வடிகட்டியிலிருந்தே வருகிறது என்று பொருள். மகனின் ரிப்போர்ட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது.

இனி சிரங்கு. சம்பந்தம் உண்டு, அதுதான் காரணமே. சிரங்கில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி சீழ் பிடிக்க வைக்கும். உடல் அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் உருவாகும் கிருமித் துணுக்கும் எதிர்ப்புப் புரதமும் சேர்ந்த கூட்டு, போய் வடிகட்டியில் படிந்து அதைப் புண்ணாக்குகிறது. தொண்டைப் புண்ணுக்குப் பிறகு என்றால் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் வரும். தோல் சிரங்குக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் கணக்கு சரியாக அதில் விழுகிறது. ரிப்போர்ட்டில், இந்தக் கிருமி வந்துபோனதைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை நார்மல் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்தப் பரிசோதனை தொண்டைப் புண்ணுக்குத்தான் நன்றாக ஏறும், சிரங்குக்குப் பிறகு பல பேருக்கு ஏறாது. சி3 என்ற ரத்தப் புரதத்தின் வரிதான் முக்கியம். அது 90க்கு மேல் இருக்க வேண்டும், இவனுக்கு 28. எரிச்சலில் அந்தப் புரதம் செலவாகிக் குறைந்திருக்கிறது. சிறுமிக்கு அது நார்மலாக இருந்தது.

ஆகவே இது குடும்ப நோய் இல்லை. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து வந்தது தற்செயல். ஆனால் சிரங்கு குடும்பத்துக்குள் பரவும். வீட்டில் யாருக்காவது இரவில் அரிப்பு இருந்தால் அது சொறியாக இருக்கலாம், அதற்கான பெர்மெத்ரின் களிம்பை எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். மகனுக்கு மட்டும் பூசினால் தங்கச்சியிடமிருந்து திரும்பி வந்துவிடும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். சிறுமியின் வகை நோயில், அந்த வயதில், பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஸ்டீராய்டு கேட்கும். தளர்ந்த கண்ணி திரும்ப இறுகிவிடும். அதனால்தான் முதலில் ஆறு வாரம் தினமும், பிறகு ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கணக்காகக் கொடுத்திருக்கிறார்கள். மகனின் வடிகட்டிப் புண் தானாக ஆறுவது, ஸ்டீராய்டு அதை வேகப்படுத்தாது. அது உப்பைப் பிடித்து வைத்து பிபியை இன்னும் ஏற்றும். நிரம்பி வழியும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

நீர் பிரியும் மாத்திரையிலும் இதே வேறுபாடு உண்டு. மகனுக்கு அதுதான் முதல் மருந்து, குழாய்க்குள் மிகுந்திருக்கும் நீரையே அது வெளியேற்றுகிறது. சிறுமிக்கு அதே மாத்திரையை யோசிக்காமல் கொடுத்தால், ஏற்கெனவே நீர் கசிந்து வற்றியிருக்கும் குழாய் இன்னும் வற்றி, கைகால் சில்லிட்டு, ரத்தம் கட்டிப்போகும் ஆபத்து வரலாம். முகம் வீங்கினால் இந்த மாத்திரை என்று மருந்துக் கடையில் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் ‘குறைத்துக் கொடுங்கள்’ என்றால் யாருக்கும் புரிவதில்லை. உங்கள் மகன் அளவுப் பிள்ளைக்கு வியர்வை, மூச்சு வழியாக ஒரு நாளில் சுமார் 300 மில்லி போகும். அதோடு நேற்று அவன் கழித்த சிறுநீரின் அளவைக் கூட்டுங்கள். நேற்று 300 மில்லி போயிருந்தால் இன்று மொத்தம் 600 மில்லி. பால், கஞ்சி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அளவுக் கோடு போட்ட பாட்டிலில் காலையிலேயே 600 ஊற்றி வைத்துவிட்டு, அவன் எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். கண்ணுக்கு முன்னால் குறைவது தெரியும். வார்டில் உள்ள டாக்டர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள், ரத்தப் பரிசோதனையைத் தினமும் பார்ப்பவர் அவர்தான்.

இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் எல்லாம் திறந்திருக்கும் வடிகட்டிக்குச் சரி. அடைத்துக்கொண்ட வடிகட்டிக்குள் ஊற்றினால் அந்த நீர் நுரையீரலில் போய் நிற்கும். இளநீரில் பொட்டாசியமும் அதிகம். சிறுநீர் குறைந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்பில் பலரும் ஏமாறுவது வேறிடத்தில். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, ‘வாய்க்கு ருசியில்லை’ என்று பிள்ளைக்கு ஓர் அப்பளமும் ஊறுகாயும் வைத்துவிடுவார்கள்.

இந்த நோய் பெரும்பாலும் தானாகவே வழிவிடும். முதல் வாரத்திலோ அதற்குச் சற்றுப் பிறகோ ஒருநாள் சிறுநீர் திடீரென்று நிறையப் போகும், எடை சரசரவென்று இறங்கும், பிபியும் கூடவே இறங்கும். நிறம் தெளிய ஓரிரு வாரம் ஆகும். சி3 எட்டு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அந்த எட்டாவது வாரப் பரிசோதனையை மறக்காதீர்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால் இது சிரங்கால் வந்ததல்ல, வேறு வகைச் சிறுநீரக நோய் என்று சந்தேகித்து, சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டியிருக்கும். இடையில் கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறினாலோ, இவனுடைய அந்த 1.2 ஏறி நெஃப்ராட்டிக் அளவுக்குப் போனாலோ எட்டு வாரம் காத்திருக்க மாட்டோம். ஏனெனில் இரண்டும் கலந்து வரும் நோய்களும் உண்டு. உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோய், பெரியவர்களுக்கு வருவது, அப்படிப்பட்டது, சில குழந்தைகளுக்கும் வரும். நான் இதுவரை சொன்ன வேறுபாடுகளும் எப்போதும் கத்தி வெட்டியதுபோல் இருக்காது. சிறுமியின் வகையிலும் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மைக்ராஸ்கோப்பில் சில ரத்த அணுக்கள் தெரியும், ஸ்டீராய்டு ஓடும்போது பிபி ஏறவும் செய்யும். அதனால்தான் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சூட்டுவதில்லை.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், படுத்தால் மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் இரவா பகலா என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சிறுமிக்குக் கவனிக்க வேண்டியது வேறு. வீக்கம் திரும்ப வந்திருக்கும் நேரத்தில் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால், வயிற்றுக்குள் தேங்கிய நீரில் கிருமி பிடித்திருக்கலாம். அதையும் மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. காலைச் சிறுநீரில் மூன்று நாள் தொடர்ந்து 3+ வந்தால் நோய் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். மீதி மாத்திரையை உங்கள் நாத்தனாரே தொடங்கிவிடாமல், டாக்டரிடம் போய் அளவு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அவளுடைய நோய் ஓரிரு தடவை திரும்பி வருவது சகஜம். மகனுடைய நோய் ஒருமுறை போனால் மறுபடி வருவது அரிது.

பள்ளிக்கு, வீக்கம் வடிந்து மாத்திரை இல்லாமலே பிபி சரியாக இருக்கும்போது அனுப்பலாம். சிறுநீர் பரிசோதனையில் ‘ரத்த அணு 5-6’ என்று ஒரு வருடம் வரைகூட எழுதிக்கொண்டிருப்பார்கள். நிறம் தெளிந்து, பிபியும் புரோட்டீனும் சரியாக இருந்தால் அந்த வரியைப் பார்த்து அவனை விளையாட விடாமல் உட்கார வைக்க வேண்டாம்.